ஈசிஜியில் ரம்பப்பல், நாடி 150: ஷாக் கொடுக்காமல் ஏன் தள்ளிப் போடுகிறார்கள்?

பொருநைக்கரை

அப்பாவுக்கு 63 வயது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை எடுப்பவர். கொஞ்ச நாளாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றார். பக்கத்து கிளினிக்கில் ஈசிஜி எடுத்தோம். நாடி 150. தாளின் மேலே மிஷினே "சைனஸ் டாக்கிகார்டியா", அதாவது இதயம் இயல்பான தாளத்திலேயே வேகமாகத் துடிக்கிறது என்று அச்சடித்திருந்தது. காய்ச்சல், ரத்தசோகை, தைராய்டு என்று வரிசையாக டெஸ்ட் எழுதிக் கொடுத்தார்கள். எல்லாம் நார்மல்.

வேறொரு மருத்துவமனையில் அட்மிட் பண்ணினோம். அங்கே இருந்த டியூட்டி டாக்டர் மானிட்டரையே பத்து நிமிடம் பார்த்தார். அப்பா தூங்கும்போதும் 150, எழுந்து பாத்ரூம் போய் வந்தாலும் 150. "இப்படி ஆடாமல் அசையாமல் நிற்கிற 150 எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்லி, முழங்கை நரம்பில் அடினோசின் 6 மில்லிகிராம் வேகமாக ஏற்றினார். ஈசிஜி தாள் ஓடிக்கொண்டே இருந்தது. சில விநாடி பெரிய துடிப்புகளே வரவில்லை. அந்த இடைவெளியில் ரம்பத்தின் பல் மாதிரி வரிசையாக அலைகள். அப்புறம் மறுபடி 150. "இது ஏட்ரியல் ஃப்ளட்டர், காலையில் சின்னதாக ஒரு ஷாக் கொடுத்தால் சரியாகிவிடும்" என்றார்.

காலையில் பெரிய டாக்டர் வந்து கேட்ட முதல் கேள்வி, "இது என்றைக்கு ஆரம்பித்தது?" எங்களுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஷாக் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். மூன்று வாரம் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, அல்லது தொண்டை வழியாகக் குழாய் விட்டு எக்கோ, அதற்குப் பிறகுதான் ஷாக் என்கிறார்.

ஃப்ளட்டரும் ஃபிப்ரிலேஷனும் ஒன்றா? ஒரு நிமிட வேலைக்கு எதற்கு மூன்று வாரம்? சித்தப்பா இதெல்லாம் பில் ஏற்றுகிற வேலை என்கிறார்.

மெடிக்கல்_ஷாப்_கோவை

இருபது வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன், இந்த மாத்திரைகளை தினமும் கொடுக்கிறவன். ஃபிப்ரிலேஷனில்தான் இதயத்தின் மேலறை துடிக்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கும். ரத்தம் தேங்கும், ரத்தக்கட்டி வரும், அது மூளைக்குப் போய் ஸ்ட்ரோக் வரும். ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோமும் அபிக்ஸபானும் கொடுப்பது அதற்குத்தான். ஃப்ளட்டரில் மேலறை வேகமாக இருந்தாலும் ஒழுங்காகச் சுருங்குகிறது. ரத்தம் தேங்க வாய்ப்பில்லை. எங்கள் தெருக்காரர் ஒருவருக்கு வந்த அன்றைக்கே ஷாக் கொடுத்து மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். நன்றாக இருக்கிறார். உங்கள் சித்தப்பா சொல்வதை அப்படியே தள்ளிவிட மாட்டேன்.

வார்டு_ரவுண்ட்ஸ்

இரண்டு டாக்டர்கள் செய்ததும் சரி. முதலில் ரம்பப்பல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம், மற்றது தானாகப் புரியும்.

வழக்கமான ஃப்ளட்டரில் வலது மேலறைக்குள் மின்சாரம் ஒரே தடத்தில் செக்குமாடு போலச் சுற்றுகிறது. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள ட்ரைகஸ்பிட் வால்வைச் சுற்றித்தான் அந்தத் தடம். ஒரு சுற்றுக்குச் சுமார் 0.2 விநாடி. நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 300 சுற்று. கீழறைகள் அந்த வேகத்தில் துடித்தால் ஆள் தாங்க மாட்டார். நடுவில் கதவு மாதிரி இருக்கும் ஏவி கணு ஒன்று விட்டு ஒன்றைத்தான் கீழே அனுப்புகிறது. அதனால்தான் 150. படுத்தாலும் நடந்தாலும் சுற்றின் வேகம் மாறாது, ஆகவே நாடியும் மாறாது. காய்ச்சலாலோ பயத்தாலோ வேகமெடுக்கும் நாடி இப்படி இருக்காது. அது 138, 144, 131 என்று ஏறி இறங்கும்.

மின்சாரம் எங்கேயும் நிற்காமல் சுற்றுவதால் ஈசிஜியில் அடிக்கோடு தட்டையாக ஓய்வதே இல்லை. இதயத்தைக் கீழிருந்து பார்க்கும் லீட் 2, 3, ஏவிஎஃப் மூன்றிலும் மெதுவாகச் சரிந்து சட்டென்று ஏறும் கோடு, மறுபடி சரிவு, மறுபடி ஏற்றம். ஒவ்வொரு பல்லும் முந்தையதன் அச்சு. ஃபிப்ரிலேஷனில் ஒரே தடம் என்று ஒன்று கிடையாது. பல அலைகள் மேலறை முழுக்க ஒன்றோடொன்று மோதி, அணைந்து, வேறு இடத்தில் கிளம்பும். எந்த அலையும் அடுத்ததைப் போல இருக்காது, ஏவி கணுவுக்கு எப்போது எது வரும் என்று கணக்கே இருக்காது. அதனால் நாடி ஒழுங்கே இல்லாமல் துடிக்கும்.

அடினோசின் ஏன் ஃப்ளட்டரைக் குணமாக்கவில்லை என்றால், அது சில விநாடிகளுக்கு அடைத்தது ஏவி கணுவை மட்டும். சுற்று அந்தக் கணு வழியாகப் போகவே இல்லையே. கதவு மூடியிருந்த அந்த நேரத்தில் கீழறைத் துடிப்பு விலகியது, அதன் அடியில் ஒளிந்திருந்த பற்கள் வெளியே தெரிந்தன. டியூட்டி டாக்டர் தாளை ஓடவிட்டுக்கொண்டே ஊசி போட்டார் பாருங்கள், அதுதான் முக்கியம். தாள் ஓடாமல் ஊசி மட்டும் போட்டிருந்தால் "150, ஊசிக்கு அடங்கவில்லை" என்பதோடு முடிந்திருக்கும்.

கட்டி பற்றி இரவு எழுதுகிறேன், ஓபி கூப்பிடுகிறார்கள்.

ஹவுஸ்சர்ஜன்_கனவு

டாக்டர், பரீட்சையில் ரம்பப்பல் தெளிவாகத்தான் வருகிறது. வார்டில் 150 இருக்கும் ஈசிஜியில் எனக்கு ஒரு பல்லும் தெரிவதில்லை. அடினோசின் கொடுக்காமலே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? அப்புறம் மார்பில் ஒட்டும் வி1 லீடில் சில ஃபிப்ரிலேஷன் நோயாளிகளுக்கும் பெரிய பெரிய அலை வருகிறதே, அதை ஃப்ளட்டர் என்று சொல்லிவிட்டு ரவுண்ட்ஸில் திட்டு வாங்கினேன்.

வார்டு_ரவுண்ட்ஸ்

150-இல் ஒரு பல், கீழறைத் துடிப்பைக் காட்டும் க்யூஆர்எஸ்ஸுக்குள்ளோ அதன் பின்னால் வரும் டி அலை மீதோ ஏறி உட்கார்ந்திருக்கும். மற்றொன்று சரியாக நடுவில், இயல்பான மேலறைத் துடிப்பைக் காட்டும் பி அலை மாதிரி நிற்கும். அதைப் பார்த்துத்தான் மிஷின் "சைனஸ்" என்று ஏமாறுகிறது. இரண்டு க்யூஆர்எஸ்ஸுக்கு நட்டநடுவில் ஒரு பி அலை தெரிந்தால், இன்னொன்று க்யூஆர்எஸ்ஸுக்குள் ஒளிந்திருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும்.

இதைச் சோதிக்க ஒரு துண்டுத்தாள் போதும். சாதாரண வேகத்தில், அதாவது விநாடிக்கு 25 மில்லிமீட்டரில், ஒரு பெரிய கட்டம் 0.2 விநாடி. ஃப்ளட்டர் பல் ஏறக்குறைய கட்டத்துக்கு ஒன்று, க்யூஆர்எஸ் இரண்டு கட்டத்துக்கு ஒன்று. துண்டுத்தாளின் ஓரத்தில் இரண்டு பல்லுக்கு நடுவே உள்ள தூரத்தைப் பேனாவால் குறித்து, அதை லீட் 2 முழுக்க நகர்த்திப் பாருங்கள். ஃப்ளட்டர் என்றால் ஒவ்வொரு குறியிலும் ஏதாவது ஒரு மேடோ பள்ளமோ வந்து நிற்கும். க்யூஆர்எஸ்ஸின் கால் சற்றுத் தடித்திருப்பதும், டி அலையின் முதுகில் ஒரு முண்டு இருப்பதும் அப்போதுதான் கண்ணில் படும். தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பதும் உதவும், கண்ணுக்குப் பழகிய வடிவம் கலைந்துவிடும்.

வி1 அலைகளையும் இதே துண்டுத்தாள் காட்டிக்கொடுக்கும். ஃபிப்ரிலேஷனில் நாலு அலை குறியோடு ஒத்துப்போய் ஐந்தாவது தவறும், உயரமும் மாறும். வி1-ஐ மட்டும் நம்பி ஃப்ளட்டர் என்று எழுதாதீர்கள். கீழ் லீடுகளும் அதையே சொல்ல வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. எல்லா ஃப்ளட்டரும் 150 அல்ல. மேலறை பெரிதாகியிருந்தாலோ, ஃப்ளெக்கைனைட், அமியோடரோன் மாதிரி மருந்து எடுத்தாலோ சுற்று 240, 220 என்று இறங்கும். அப்போது நாடி 110, 120. ஏவி கணு ஒருமுறை இரண்டுக்கு ஒன்று, ஒருமுறை நாலுக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி விட்டால் நாடி ஒழுங்கில்லாமலும் இருக்கும். கையைப் பிடித்துப் பார்த்து மட்டும் இது ஃபிப்ரிலேஷன் என்று சொல்லிவிட முடியாது.

நைட்_டூட்டி

ஐசியூ நர்ஸ். ஒன்று சேர்க்கிறேன். கை நடுக்கம் உள்ள தாத்தா பாட்டிகளுக்கு லீடை மணிக்கட்டில் ஒட்டினால் அசல் ரம்பப்பல் மாதிரியே வரும். ஒரு லீடில் பல் இருந்து, இன்னொன்றில் தெளிவான பி அலை தெரிந்தால், தோளுக்கும் இடுப்புக்கும் லீடை மாற்றி ஒட்டி மறுபடி எடுங்கள். நடுராத்திரி டாக்டரை எழுப்பிவிட்டு அப்புறம் இதைக் கண்டுபிடித்தால் நமக்குத்தான் பேச்சு.

கரிசல்காடு

இவ்வளவு யோசிக்க நேரம் எங்கே இருக்கிறது? என் மாமா ஆஸ்பத்திரி வாசலிலேயே விழுந்தார். உடனே ஷாக் கொடுத்துத்தான் பிழைக்க வைத்தார்கள். எக்கோவும் எடுக்கவில்லை, மாத்திரையும் கொடுக்கவில்லை. மூன்று வாரம் காத்திருந்தால் மாமா இன்று இல்லை. தம்பி, வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

நைட்_டூட்டி

அண்ணா, உங்கள் மாமாவுக்கு நடந்தது வேறு. அங்கே நடுங்கியது கீழறை. ரத்த ஓட்டமே நின்றுவிட்டது, நினைவு இல்லை, ஒவ்வொரு விநாடியும் கணக்கு. இங்கே இந்தத் தம்பியின் அப்பா உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

இரண்டுக்கும் மிஷின் ஒன்றுதான், கொடுக்கிற முறை வேறு. ஃப்ளட்டருக்கு முதலில் "சிங்க்" பட்டனை அழுத்துவோம். மானிட்டரில் க்யூஆர்எஸ்ஸின் உச்சியான ஒவ்வொரு ஆர் அலையின் தலையிலும் ஒரு சின்னக் குறி விழ வேண்டும். டி அலை மீது குறி விழுந்தால் லீடை மாற்றுவோம். அந்த இடத்தில் ஷாக் போனால் நல்லபடியாக இருந்தவருக்கு உங்கள் மாமாவுக்கு வந்தது வந்துவிடும். அப்புறம் மயக்க மருந்து. பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், மிஷின் அடுத்த ஆர் அலைக்காகக் காத்திருந்துதான் விடும். புதிதாக வருகிற பிள்ளைகள் உடனே கையை எடுத்துவிட்டு "மிஷின் வேலை செய்யவில்லை" என்பார்கள். ஃப்ளட்டருக்கு 50 முதல் 100 ஜூலே பெரும்பாலும் போதும். ஃபிப்ரிலேஷனுக்கு 120, 200 என்று போக வேண்டியிருக்கும்.

சில மிஷினில் முதல் ஷாக் போனதும் சிங்க் தானாக அணைந்துவிடும். இரண்டாவது கொடுக்கும் முன் மறுபடி பார்க்காவிட்டால் ஆபத்து.

வார்டு_ரவுண்ட்ஸ்

கரிசல்காடு அய்யா சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது. ஃப்ளட்டரிலேயே பிரஷர் விழுந்து, நுரையீரலில் நீர் கோத்து, ஆள் சரிந்தால் நாங்களும் காத்திருக்க மாட்டோம். ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரினைத் தொடங்கிக்கொண்டே ஷாக் கொடுப்போம். காத்திருப்பது ஆள் நிதானமாக இருக்கும்போது மட்டும்.

இப்போது கட்டி. மெடிக்கல் ஷாப் நண்பர் சொன்னதில் பாதி சரி. ஃபிப்ரிலேஷன் அளவுக்கு ஃப்ளட்டரில் மேலறை செயலிழப்பதில்லை. ஒரு காலத்தில் டாக்டர்களும் இதைச் சொல்லித்தான் மாத்திரை இல்லாமல் ஷாக் கொடுத்தார்கள். 1990களில் ஃப்ளட்டர் நோயாளிகளுக்குத் தொண்டைவழி எக்கோ பார்க்க ஆரம்பித்ததும் இடது மேலறையில் ஒட்டியிருக்கும் சிறு பைக்குள் கட்டிகள் தென்பட்டன, ஷாக்குக்குப் பிறகு ஸ்ட்ரோக்கும் வந்தது. நிமிடத்துக்கு 300 முறை சுருங்குகிற அறை நிரம்பவும் நேரமில்லை, காலியாகவும் நேரமில்லை. அந்தப் பையின் முனையில் ரத்தம் கிட்டத்தட்ட நின்றுவிடும். போதாததற்கு, ஃப்ளட்டர் உள்ளவர்களில் பலருக்கு இடையிடையே ஃபிப்ரிலேஷனும் வந்து போகும். எடுத்த ஈசிஜியில் பல் ஒழுங்காக இருக்கிறது என்பதற்காகப் போன வாரமும் ஒழுங்காக இருந்தது என்று எப்படிச் சொல்வது?

சரி, ஷாக்கில் என்ன ஆபத்து? பழைய கட்டி ஷாக்கின் அதிர்ச்சியில் தெறித்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான ஸ்ட்ரோக் மேஜை மீதே வருவதில்லை, அடுத்த சில நாட்களில் வருகிறது. ஈசிஜி சரியான அன்றைக்கே மேலறை சரியாகிவிடுவதில்லை. மின்சாரம் ஒழுங்குக்கு வந்தாலும் தசை மரத்துப்போய், பலவீனமாகத்தான் சுருங்கும். இது சில நாள் முதல் சில வாரம் வரை நீடிக்கும். அந்தச் சமயத்தில் புதுக் கட்டி உருவாகலாம். தசைக்குப் பலம் திரும்பும்போது முன்பே இருந்ததும் புதிதாக வந்ததும் வெளியே தள்ளப்படலாம். இப்படி வரும் ஸ்ட்ரோக் கிட்டத்தட்ட எல்லாமே முதல் பத்து நாளுக்குள். இந்த மரத்துப்போதல் ஷாக்கால் வருவதும் அல்ல. மருந்தால் சரியானாலும், தானாகவே சரியானாலும் வரும். ஃப்ளட்டரில் கொஞ்சம் குறைவாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆகவே முன்னால் மூன்று வாரம், பின்னால் நான்கு வாரம். முன்னால் கொடுப்பது புதுக் கட்டி சேராமல் இருக்க, இருப்பது கரையவோ சுவரோடு ஒட்டி இறுகவோ நேரம் கொடுக்க. பின்னால் கொடுப்பது மரத்துப்போன நாட்களைத் தாண்ட. பெர்னார்ட் லவுன் இந்த ஷாக் முறையைக் கொண்டுவந்தது 1962-இல். 1969-இலேயே நார்வேயில் ஒரு ஆய்வு, மாத்திரை இல்லாதவர்களில் 5.3 சதவீதம் பேருக்கும், எடுத்தவர்களில் 0.8 சதவீதம் பேருக்கும் கட்டி போய் அடைத்தது என்று காட்டியது. பழைய ஆய்வு, குறைகள் உண்டு. ஆனால் இவ்வளவு பெரிய இடைவெளியைப் பார்த்த பிறகு மாத்திரை இல்லாமல் சோதித்துப் பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை.

மெடிக்கல்_ஷாப்_கோவை

அப்படியானால் தொண்டைவழி எக்கோவில் கட்டி இல்லை என்று தெரிந்தால் அன்றைக்கே ஷாக் கொடுத்து மாத்திரையே இல்லாமல் அனுப்பலாமே? 48 மணி நேரத்துக்குள் வந்தால் எக்கோகூட வேண்டாம் என்று எங்களிடம் வருகிற ரெப்பே சொல்லியிருக்கிறார்.

வார்டு_ரவுண்ட்ஸ்

அன்றைக்கே கொடுக்கலாம், மாத்திரை இல்லாமல் அனுப்ப முடியாது. 1994-இல் வெளியான ஒரு கட்டுரை இதைத்தான் பார்த்தது. எக்கோவில் கட்டி இல்லை என்று உறுதிசெய்து, மாத்திரை சரியாகக் கொடுக்காமல் ஷாக் கொடுத்தவர்களில் சிலருக்கு ஸ்ட்ரோக் வந்தது. எக்கோ காட்டுவது நேற்று வரை என்ன நடந்தது என்பதை. ஷாக்குக்குப் பின் வரும் பத்து நாளை அது பார்க்காது. அந்த எக்கோ முதல் மூன்று வாரத்தை மிச்சப்படுத்தும், பிந்தைய நான்கு வாரத்தை அல்ல. ஷாக் அன்றைக்கே ரத்தத்தில் மருந்து ஏறியிருக்கவும் வேண்டும்.

எக்கோ வழியா, மூன்று வார வழியா என்று 1222 பேரை வைத்து ஒப்பிட்டு 2001-இல் வெளியிட்டார்கள். ஸ்ட்ரோக்கில் இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எது வசதியோ அதைச் செய்யலாம் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

48 மணி நேரம் என்பதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. 2023 அமெரிக்க வழிகாட்டுதல் இன்னும் 48-ஐ வைத்திருக்கிறது. 2024 ஐரோப்பிய வழிகாட்டுதல் 24 மணியாகக் குறைத்துவிட்டது. பின்லாந்தில் ஃபிப்ரிலேஷன் நோயாளிகளை வைத்துப் பார்த்ததில், மாத்திரை இல்லாமல் 12 மணிக்குள் ஷாக் கொடுத்தவர்களைவிடப் பிறகு கொடுத்தவர்களுக்குக் கட்டி போய் அடைப்பது கூடுதல். அதாவது 0.3 சதவீதம், 1.1 சதவீதம். சின்ன எண்கள்தான். உங்கள் தெருக்காரர் நன்றாக இருப்பதும் அதனால்தான். நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேர் நன்றாகத்தான் இருப்பார்கள்.

மெடிக்கல்_ஷாப்_கோவை

1.1 சதவீதத்துக்காக மற்ற எல்லாருக்கும் மாத்திரையா? மாத்திரையால் ரத்தக்கசிவு வந்து என் கடைக்கு வந்து நிற்பவர்களை நான்தான் பார்க்கிறேன். நான் இதை முழுசாக ஏற்கவில்லை.

வல்லிபுரத்தாள்

வணக்கம், நான் யாழ்ப்பாணத்திலிருந்து. எனக்கு சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கிவிட்டது. ஃப்ளட்டர் வந்து, பிறகு ஃபிப்ரிலேஷன் ஆகிவிட்டது. எனக்கு வார்ஃபரின்தான், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பார்க்கக் கிளினிக்குக்கு அலைய வேண்டும். இங்கே நீங்கள் சொல்லும் புது மாத்திரைக்கு ரத்தம் சோதிக்கத் தேவையில்லை என்கிறார்களே, எனக்கு ஏன் அதைத் தருகிறார்கள் இல்லை? கீரையையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

வார்டு_ரவுண்ட்ஸ்

அம்மா, உங்கள் டாக்டர் செய்வது சரி. வாத வால்வு நோயோடு ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களுக்கு புது மாத்திரைகளில் ஒன்றான ரிவராக்ஸபானையும் வார்ஃபரின் வகையையும் ஒப்பிட்ட ஆய்வு 2022-இல் வந்தது. வார்ஃபரின் வகை எடுத்தவர்களில் இறப்பு குறைவாக இருந்தது. வால்வு கணிசமாகச் சுருங்கியவர்களுக்கு வார்ஃபரின்தான், இன்றைக்கு வேறு இல்லை. கீரையை முழுக்க நிறுத்த வேண்டியதில்லை. வாரத்துக்கு எவ்வளவு சாப்பிடுகிறீர்களோ அதை மாற்றாமல் சாப்பிடுங்கள், ஐஎன்ஆரை அதற்கேற்ப மாத்திரை அளவால் சரிசெய்துகொள்வார்கள். ஒரு வாரம் கட்டுக்கட்டாகத் தின்றுவிட்டு அடுத்த வாரம் தொடாமல் இருப்பதுதான் வம்பு. எதற்கும் உங்கள் கிளினிக்கில் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

பொருநைக்கரை, உங்களுக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது. சாதாரண எக்கோவில் மைட்ரல் வால்வு சுருக்கம் இல்லை என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நம் பக்கத்தில் இதைக் கேட்காமல் புது மாத்திரை தொடங்கக் கூடாது.

பொருநைக்கரை

பார்த்துவிட்டேன், வால்வு நன்றாக இருக்கிறது. அபிக்ஸபான் 5 மில்லிகிராம் காலை மாலை, கூடவே மெட்டோப்ரோலால் தொடங்கியிருக்கிறார்கள்.

"எப்போது ஆரம்பித்தது" என்ற கேள்விக்கு ஒரு விடை கிடைத்தது. அப்பாவிடம் வீட்டில் பிரஷர் பார்க்கிற மிஷின் உண்டு. அதில் பழைய அளவுகள் பதிவாகியிருக்கும் என்று யாரோ சொன்னதால் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். பிரஷர் மட்டும்தான் அப்பா கவனிப்பார், அடியில் இருக்கும் நாடியைப் பார்ப்பதில்லை. 148, 150, 151, 149. பத்து நாளைக்கும் மேலாக இதே. அதற்கு முந்தைய அளவு 76. மூச்சு வாங்குகிறது என்று சொன்னதோ அட்மிட் ஆவதற்கு முந்தைய நாள்தான்!

பெரிய டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, காத்திருக்க வேண்டாம், தொண்டைவழி எக்கோ பார்த்துவிட்டுச் செய்யலாம் என்றார். நேற்றுப் பார்த்தார்கள். இடது மேலறைப் பைக்குள் கட்டி இருக்கிறது. ஷாக் ரத்து. ஆறு வாரம் மாத்திரை, பிறகு மறுபடி அதே எக்கோ. சித்தப்பா இப்போது ஒன்றும் சொல்வதில்லை.

ஒரு நல்ல செய்தி. இன்று காலை மிஷினில் நாடி 75! தானாகவே சரியாகிவிட்டது போல. அப்படியானால் மறுபடி அந்த எக்கோ தேவையா?

நைட்_டூட்டி

75 என்றால் சரியாக 75-ஆ? ஒரு மணி நேரம் கழித்தும் 75-ஆ?

பொருநைக்கரை

ஆமாம் சிஸ்டர். காலையில் 75, மத்தியானம் 74, இப்போது 75.

வார்டு_ரவுண்ட்ஸ்

300-ஐ நாலால் வகுத்துப் பாருங்கள். மெட்டோப்ரோலால் ஏவி கணுவை இறுக்கியிருக்கிறது. இப்போது நாலில் ஒன்றுதான் கீழே போகிறது. மேலறை அதே 300-இல் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். மூச்சு வாங்குவது குறையும், அது நல்லதே. ஆனால் ஃப்ளட்டர் போகவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு ஈசிஜி எடுங்கள், இந்த முறை ஊசி இல்லாமலே பல் தெரியும்.

இந்த 75-ஐப் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. ஒருவேளை உண்மையிலேயே தானாகச் சரியாகியிருந்தாலும் நிறுத்தக் கூடாது, மேலே சொன்ன மரத்துப்போகும் நாட்கள் அப்போதுதான் தொடங்கும்.

பொருநைக்கரை

ஈசிஜி எடுத்தாயிற்று. நீங்கள் சொன்னதுதான். லீட் 2-இல் ஒரு க்யூஆர்எஸ்ஸுக்கு நாலு பல், ஒரு கட்டத்துக்கு ஒன்று. நானே துண்டுத்தாள் வைத்துப் பார்த்தேன்.

டாக்டர் இப்போது கதீட்டர் விட்டு அந்தத் தடத்தையே சுட்டுவிடலாம் என்றும் சொல்கிறார். அதைச் செய்தால் ஷாக்கும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம் அல்லவா?

மெடிக்கல்_ஷாப்_கோவை

அதுதான் நல்லது. ஒரேயடியாக முடித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடலாம்.

வார்டு_ரவுண்ட்ஸ்

ட்ரைகஸ்பிட் வால்வுக்கும் கீழ்ப் பெருஞ்சிரைக்கும் நடுவே ஒரு குறுகிய இடம் உண்டு. சுற்று அந்த வழியாகப் போயே தீர வேண்டும். அங்கே ஒரு கோடு போட்டுச் சுட்டால் தடம் அறுந்துவிடும். வழக்கமான ஃப்ளட்டரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வெற்றி. மருந்தால் கட்டுப்படுத்துவதைவிட நான் இதையே விரும்புவேன், ஃப்ளட்டரில் நாடியை மாத்திரையால் பிடித்து வைப்பது எப்போதும் இழுபறிதான்.

ஆனால் கட்டி கரையும் வரை அதுவும் கூடாது. சுட்டு முடிக்கும் அந்த விநாடியில் மேலறை சீராகிவிடும், ஷாக்கால் சீரானதற்கும் இதற்கும் கட்டியைப் பொறுத்தவரை வித்தியாசம் இல்லை. முன்னும் பின்னும் அதே மாத்திரைக் கணக்குதான்.

அதற்கப்புறம் நிறுத்தலாமா என்பதில் நான் ஒன்று சொல்வேன், இன்னொரு டாக்டர் இன்னொன்று சொல்வார். ஷாக்குக்குப் பின் நான்கு வாரம் என்பது எல்லாருக்கும் பொது. அதைத் தாண்டி நீள்வது வயது, சர்க்கரை, பிரஷர் முதலியவற்றைப் பொறுத்தது. ஸ்ட்ரோக் ஆபத்துப் புள்ளிக் கணக்கில் உங்கள் அப்பாவுக்கு சர்க்கரைக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, வயது 65 ஆனால் இன்னொன்று. மேலும் ஃப்ளட்டர் தடத்தைச் சுட்ட பிறகும் பிந்தைய வருஷங்களில் கணிசமான பேருக்கு ஃபிப்ரிலேஷன் வருகிறது. அவருக்கு ஏற்கெனவே ஒரு கட்டியும் இருந்தது. நானாக இருந்தால் நிறுத்த மாட்டேன். ரத்தக்கசிவு பயம் உள்ளவருக்கு, ஈசிஜியைத் தொடர்ந்து பதிவு செய்யும் ஹோல்ட்டர் வைத்து ஃபிப்ரிலேஷன் இல்லை என்று பார்த்துவிட்டு நிறுத்துகிற டாக்டர்களும் உண்டு.

மெடிக்கல்_ஷாப்_கோவை

நிறுத்துகிற டாக்டர்களும் உண்டு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

நைட்_டூட்டி

அது இன்னும் இரண்டு மாதம் கழித்து வரப்போகிற பேச்சு சார்.

தம்பி, இப்போதைக்கு ஒன்று. அபிக்ஸபான் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. சாயங்கால மாத்திரைதான் எல்லாரும் மறப்பது, கல்யாண வீடு, பயணம் என்று. மருந்தின் வேலை உடம்பில் சீக்கிரம் தேய்ந்துவிடும். நினைவு வந்தவுடன் ஒன்றைப் போடலாம், அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. ஷாக்குக்கு வரும் அன்று "ஒரு வேளைகூட விடவில்லையே" என்று கேட்போம். விட்டிருந்தால் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். பொதுவாக மூன்று வாரக் கணக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள், அல்லது மறுபடி எக்கோ பார்ப்பார்கள். பயந்துகொண்டு "எல்லாம் சாப்பிட்டேன்" என்று சொன்னவர்கள் உண்டு. முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ ஒரு நிமிடம்கூட வீட்டில் வைத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள், அபிக்ஸபான் எடுப்பவர் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

பொருநைக்கரை

மாத்திரை டப்பா வாங்கிவிட்டேன் சிஸ்டர், காலை மாலை என்று தனித்தனிக் கட்டம் போட்டது. அடுத்த எக்கோ ஆறு வாரம் கழித்து. கட்டி போயிருந்தால் ஷாக்கா, நேராகச் சுடுவதா என்பதை அன்று முடிவு செய்யலாம் என்றிருக்கிறார். வந்து எழுதுகிறேன்.